வெல்டிங் அணைந்த பிறகு எரியும் கண்

மாலை 4 மணி. கிரில் பட்டறையில் ஒரு கேட்டுக்குச் சட்டம் கூட்டுகிறார்கள். வெல்டர் ஒரு கையில் ஷீல்டைப் பிடித்தபடி மூலைக்கு மூலை டேக் வைக்கிறார். ஹெல்பர் இரண்டு கையாலும் கம்பியை அசையாமல் பிடித்திருக்கிறார். அவருக்கு ஷீல்டு கிடையாது. கொடுத்தாலும் பிடிக்கக் கை இல்லை. ராடு உரசும்போது முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

6 மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவரை கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லை. சாப்பிட்டுப் படுக்கிறார். இரவு 11 மணிக்கு, கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியதுபோல உறுத்தி விழிப்பு வருகிறது. இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டுகிறது. லைட்டைப் போட்டால் இமையைத் திறக்கவே முடியவில்லை. பட்டறைக்காரர்கள் இதை ‘ஆர்க் அடிச்சிருச்சு’ என்பார்கள்.

ஏன் உடனே வலிப்பதில்லை?

வெல்டிங் ஆர்க்கில் நாம் பார்க்கும் வெளிச்சத்தோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் வருகிறது. அதில் பெரும்பகுதியைக் கருவிழியின் முன்னால் வாட்ச் கண்ணாடிபோல மூடியிருக்கும் கார்னியா உறிஞ்சிக்கொள்கிறது. கார்னியாவின் மேல்தோல் மிக மெல்லியது. கதிர் பட்ட செல்கள் அந்த நொடியே அழிவதில்லை. உள்ளுக்குள் பழுதாகி, சில மணி நேரத்தில் செத்து உதிரத் தொடங்குகின்றன. அவை உதிர்ந்த இடத்தில், அடியிலிருக்கும் நரம்பு நுனிகளுக்கு மூடாக்கு இல்லாமல் போகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் புண்ணில் உரசுவதுபோல வலிக்கும். பெரும்பாலும் இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் பகலில் பட்ட அடி இரவில் வலிக்கிறது.

ஹெல்பர் கண்ணை மூடிக்கொண்டாரே, பிறகு எப்படிப் பட்டது? மூடும் நேரம் தவறியதால்தான். ஆர்க் பிடித்த பிறகுதான் கண் கூசி இமை மூடுகிறது. ஒரு டேக்கில் அரை நொடி தாமதம் என்று வையுங்கள். கேட் முடிய 40 டேக் என்றால் மொத்தம் 20 நொடி கண் திறந்திருந்திருக்கிறது. ஒரே நாளில் படுகிற கதிர் இப்படிச் சிறுகச் சிறுகச் சேரும். அவ்வளவு கிட்டத்தில் சில நொடிகளே போதுமானதாக இருக்கலாம். எவர்சில்வர், அலுமினியத் தகடுகளில் பட்டுத் திரும்பும் ஒளியும் பக்கவாட்டிலிருந்து கண்ணுக்கு வரும்.

இரவில் என்ன செய்வது?

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள். அறையை இருட்டாக்கி, சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். வழக்கமாக உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை வலியைக் குறைக்கும். வண்டி ஓட்ட வேண்டாம். காலையில் கண் மருத்துவரிடம் போங்கள். அவர் ஒரு சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். செல் உதிர்ந்த இடங்கள் பச்சைப் புள்ளிகளாக மின்னும். கண்ணுக்கு ஈரப்பதம் தரும் சொட்டு மருந்தும், கிருமி தொற்றாமலிருக்க மருந்தும் தருவார். பொதுவாக 1 முதல் 3 நாளில் மேல்தோல் மறுபடி வளர்ந்துவிடும்.

இரண்டு சொட்டு மருந்துகளிடம் எச்சரிக்கை வேண்டும். முதலாவது மரத்துப்போகச் செய்யும் சொட்டு. பரிசோதனையின்போது மருத்துவர் இதை விட்டதும் வலி மாயமாகிவிடும். அதைக் கடையில் வாங்கி வீட்டில் விட்டுக்கொண்டால், புண் ஆறுவது தடைப்பட்டு, கார்னியாவே அரிக்கப்படலாம். இரண்டாவது, மருத்துவர் சொல்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. கண்ணில் கிருமி இருந்தால் அதை இது வளர்த்துவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு எதையும் உள்ளே விட வேண்டாம். மேல்தோல் உதிர்ந்த கண்ணில் கிருமி சுலபமாக நுழையும்.

இது ஆர்க்கா, துகளா?

வெல்டரும் ஹெல்பரும் அதே நாளில் கிரைண்டிங்கும் செய்கிறவர்கள் என்பதால், எந்த உறுத்தலையும் ‘ஆர்க்’ என்று விட்டுவிடும் ஆபத்து உண்டு. ஆர்க் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் சேர்த்துத் தாக்கும். ஒரே கண்ணில் மட்டும் உறுத்தினால் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சக தொழிலாளி தீக்குச்சியாலோ துணி முனையாலோ எடுக்கக் கூடாது. கார்னியாவில் பதிந்த இரும்பு சீக்கிரமே துருப்பிடித்துச் சுற்றிலும் ஒரு வளையத்தை விட்டுவிடும். அதையும் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும்.

சுத்தியலால் இரும்பை அடிக்கும்போதோ கிரைண்டர் ஓடும்போதோ கண்ணில் சுருக்கென்று பட்டு, பார்வை மங்கினால், துகள் கண்ணுக்குள்ளேயே போயிருக்கலாம். அப்போது கண்ணை அழுத்தவோ கழுவவோ வேண்டாம். கண்ணில் படாதபடி ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து மூடி, அந்த நேரமே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெறும் கண்ணாடி செய்யும் வேலை

4 இஞ்ச் கிரைண்டரின் வீல் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் அதன் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. பொறி கிளம்பும் வேகத்தை இமையால் முந்த முடியாது. இதற்கு வேண்டியது பாலிகார்பனேட்டில் செய்த, பக்கவாட்டையும் புருவத்தையும் ஒட்டி மூடும் வெள்ளைக் காகிள்ஸ். கண் பாதுகாப்புக் கண்ணாடிகளுக்கான ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். முகம் முழுவதையும் மறைக்கும் ஷீல்டு மட்டும் போதாது. தாடைக்கு அடியிலிருந்து பொறி மேலே ஏறும். உள்ளே காகிள்ஸ், மேலே ஷீல்டு என்பதே சரி.

அதே வெள்ளைக் காகிள்ஸ் இன்னொரு வேலையும் செய்கிறது. பாலிகார்பனேட், நிறமே இல்லாவிட்டாலும், கார்னியாவைச் சுடும் புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். அதனால் வெல்டர் அதை ஷீல்டுக்கு உள்ளே போட்டிருந்தால், ஷீல்டு முகத்துக்கு வரும் முன் பிடித்துவிடும் ஆர்க்கிலிருந்தும், ஷீல்டைத் தூக்கிக் கசடு தட்டும்போது தெறிக்கும் சில்லிலிருந்தும் கண் தப்பும்.

ஆனால் அதை மட்டும் போட்டுக்கொண்டு ஆர்க்கைப் பார்க்கக் கூடாது. கண் கூசும் அந்த ஒளி உள்ளே போய் விழித்திரையைச் சுடும். ஆர்க்கைப் பார்க்கக் கருப்புக் கண்ணாடி வேண்டும். சாதாரண ராடு வெல்டிங்கில் 160 ஆம்பியர் வரை 10-ஆம் எண் ஷேடும், அதற்கு மேல் 250 வரை 12-உம் பொருத்தம். கேஸ் வெல்டிங்குக்கான 5-ஆம் எண்ணும், கடையில் வாங்கிய கூலிங் கிளாஸும் இதற்கு உதவாது.

இப்போது அந்த ஹெல்பரிடம் திரும்புவோம். இரண்டு கையும் கம்பியில் இருப்பவருக்குக் கை ஷீல்டு பயன்படாது. அவருக்குத் தலையில் மாட்டும் ஷீல்டு வேண்டும், உள்ளே வெள்ளைக் காகிள்ஸ் வேண்டும். அது வந்துசேரும்வரை, கம்பியைக் கிளாம்ப் போட்டு நிறுத்திவிட்டு அவர் விலகி நிற்கட்டும். வெல்டர் ராடை உரசுவதற்கு முன் ‘கண்ணு’ என்று உரக்கச் சொல்லி, அவர் திரும்பியதைப் பார்த்த பிறகு ஆர்க் பிடிக்கட்டும்.