பொருந்தியும் தவறான விடை: சிறு சிங்குலர் மதிப்புகளை வெட்டுவது ஏன்?

நிறம் ஏறக்குறைய ஒன்றாகவே உள்ள இரண்டு சாயங்கள் ஒரே கரைசலில் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் கரைசலை வைத்து, மூன்று அலைநீளங்களில் அது எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். பீர்-லாம்பெர்ட் விதிப்படி, ஒவ்வோர் அலைநீளத்திலும் கிடைக்கும் அளவு இரு சாயங்களின் பங்குகளைக் கூட்டினால் வருவது. தெரியாதவை இரண்டு, அளவீடுகள் மூன்று. இப்படி அளவீடுகள் கூடுதலாக இருக்கும்போது பொதுவாக எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே விடை நிறைவு செய்யாது. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் விடையை எடுத்துக்கொள்வது வழக்கம். அதுதான் மீச்சிறு வர்க்க முறை.

முதல் சாயத்தின் ஒரு மில்லிகிராம் மூன்று அலைநீளங்களிலும் முறையே 0.100, 0.098, 0.100 என்று உறிஞ்சுவதாகக் கொள்வோம். இரண்டாவது சாயத்துக்கு 0.098, 0.100, 0.100. கரைசலில் உண்மையில் இருப்பவை 3, 2 மில்லிகிராம். பிழையே இல்லாத கருவி 0.496, 0.494, 0.500 என்று காட்டும். கருவியின் அளவீட்டில் 0.005 அளவுக்கு முன்பின் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒருநாள் 0.501, 0.489, 0.500 என்று வரலாம். இதை மீச்சிறு வர்க்க முறையில் தீர்த்தால் முதல் சாயம் 5.5, இரண்டாவது மைனஸ் 0.5 என்று விடை வருகிறது. மறுநாள் பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்து 0.491, 0.499, 0.500 என்று வந்தால் விடை 0.5, 4.5. ஒரே கரைசலுக்கு இரண்டு நாளில் இரண்டு விடை. முதல் நாளில் ஒரு சாயம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

கவலைப்பட வேண்டியது இதற்கடுத்த விஷயம். 5.5, மைனஸ் 0.5 என்ற விடையைச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தால் 0.501, 0.489, 0.500 என்று அளவீடுகள் அப்படியே திரும்பக் கிடைக்கின்றன. மிச்சம் பூஜ்யம். பொருத்தம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பவருக்குச் சந்தேகமே எழாது.

காரணத்தைக் காண, சமன்பாடுகளின் கெழுக்கள் அடங்கிய அணியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்குலர் மதிப்புப் பிரிப்பு, சுருக்கமாக எஸ்.வி.டி., அதைச் செய்கிறது. தெரியாதவற்றை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசைகளாக அது மாற்றி அமைக்கிறது; ஒவ்வொரு திசையும் அளவீட்டில் எவ்வளவு பலமாகத் தெரியும் என்பதற்கு ஓர் எண் தருகிறது. அந்த எண்தான் சிங்குலர் மதிப்பு. இங்கே கிடைக்கும் இரண்டு திசைகளையும் எளிதாகச் சொல்லிவிடலாம்: ஒன்று இரு சாயங்களின் கூட்டுத்தொகை, மற்றது அவற்றின் வித்தியாசம். கூட்டுத்தொகையின் சிங்குலர் மதிப்பு ஏறக்குறைய 0.243. வித்தியாசத்துக்கு வெறும் 0.002. முதலாவது இரண்டாவதைப்போல் சுமார் 122 மடங்கு. இந்த விகிதத்தைக் கண்டிஷன் எண் என்பார்கள். அது பெரிதாக இருந்தால் கணக்கு நிலைகுலைந்தது என்று பொருள்.

விடை காணும்போது ஒவ்வொரு திசையிலும் அளவீட்டின் பங்கை அதற்குரிய சிங்குலர் மதிப்பால் வகுக்க வேண்டியிருக்கிறது. கருவியின் இரைச்சலுக்கோ இந்தத் திசை, அந்தத் திசை என்ற வேறுபாடு கிடையாது; எல்லாத் திசையிலும் 0.005 அளவில்தான் வந்து சேர்கிறது. கூட்டுத்தொகைத் திசையில் 0.005-ஐ 0.243-ஆல் வகுத்தால் 0.02, பொருட்படுத்த வேண்டியதில்லை. வித்தியாசத் திசையில் அதே 0.005-ஐ 0.002-ஆல் வகுத்தால் 2.5 ஆகிறது. விடையை அங்குமிங்கும் தூக்கியெறிந்தது இந்த ஒரு வகுத்தல்தான்.

அப்படியானால் அந்தத் திசையை விட்டுவிடலாம். சிங்குலர் மதிப்புகளைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஓர் எல்லைக்குக் கீழே உள்ளவற்றால் வகுக்காமல், அந்தத் திசைகளின் பங்கைப் பூஜ்யம் என்று வைத்துவிடுவதே வெட்டிய எஸ்.வி.டி. நம் கணக்கில் கூட்டுத்தொகைத் திசை மட்டும் மிஞ்சும். இரு நாள் அளவீடுகளுக்கும் விடை 2.5, 2.5 என்றே வருகிறது. அதைச் சமன்பாட்டில் போட்டால் 0.495, 0.495, 0.500. முதல் நாள் அளவீட்டிலிருந்து 0.006 விலகல். கருவியின் பிழையே 0.005 என்னும்போது இந்த விலகல் இயல்பானதுதான். இரைச்சலின் அளவுக்கு மிச்சம் இருக்க வேண்டும், அதைவிட நெருக்கமாகப் பொருந்தினால் இரைச்சலையே பொருத்திக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு. உண்மை விடை 3, 2, கிடைத்ததோ 2.5, 2.5. சிறியதொரு சாய்வை ஏற்றுக்கொண்டு பெரியதொரு ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறோம். எல்லா ஒழுங்காக்க முறைகளும் செய்யும் பேரம் இதுதான். ருஷ்யக் கணித அறிஞர் டிகானோவின் பெயரால் வழங்கும் முறையில் சிறு சிங்குலர் மதிப்புகளின் பங்கு படிப்படியாகத் தணிக்கப்படுகிறது. இங்கே ஒரே இடத்தில் வெட்டப்படுகிறது.

எங்கே வெட்டுவது என்பதே உண்மையான சிரமம். சிங்குலர் மதிப்புகளை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது போதாது; ஒவ்வொரு திசையிலும் அளவீட்டின் பங்கு எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நம் கணக்கில் கூட்டுத்தொகைத் திசையில் அது 0.86. வித்தியாசத் திசையில் பிழையில்லாத பங்கு 0.0014-தான், 0.005 இரைச்சலுக்குள் அது மூழ்கிவிடுகிறது. நூறு தெரியாதவை உள்ள கணக்கிலும் இப்படித்தான். பங்குகள் வரிசையாகக் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் இரைச்சலின் மட்டத்தில் தட்டையாகிவிடும். சிங்குலர் மதிப்புகள் மட்டும் தொடர்ந்து இறங்கும். பங்கு தட்டையாகும் இடமே வெட்டும் இடம். பிரெஞ்சு அறிஞர் எமில் பிகாரின் பெயர் தாங்கிய இந்தச் சோதனையை, டென்மார்க்கின் பெர் கிறிஸ்டியன் ஹான்சன் எண்கணிப்புக்கு ஏற்ற வடிவில் விளக்கினார். சிங்குலர் மதிப்புகளில் பளிச்சென்ற இடைவெளி இருந்தால் வேலை சுலபம். மெதுவாகச் சரிந்துகொண்டே போனால் இந்தச் சோதனையை விட்டால் வழி குறைவு.

எஸ்.வி.டி.-யைக் கணினியில் நம்பகமாகக் கணிக்கும் வழியை ஜீன் கோலபும் வில்லியம் கஹானும் 1965-இல் வெளியிட்டார்கள். இன்று பைத்தானில் ஒரே வரி:

```
x, res, rank, s = np.linalg.lstsq(A, b, rcond=0.05)
```

மிகப் பெரிய சிங்குலர் மதிப்பை `rcond`-ஆல் பெருக்கி வரும் எல்லைக்குக் கீழே உள்ளவை பூஜ்யமாகக் கருதப்படும். இங்கே எல்லை சுமார் 0.012; 0.002 வெட்டுப்படுகிறது. `rank` என்ற இடத்தில் 1 வந்தால் ஒரு திசைதான் மிஞ்சியது என்று அறியலாம். `rcond`-ஐக் குறிப்பிடாமல் விட்டால் கணினியின் தசமத் துல்லியத்தை ஒட்டிய மிகச் சிறிய எல்லையே பயன்படும். அந்த எல்லைக்குக் கருவியின் இரைச்சலைப் பற்றி எதுவும் தெரியாது. எதுவும் வெட்டுப்படாமல் 5.5, மைனஸ் 0.5 திரும்ப வந்து நிற்கும்.

நிரல்களின் அலகும் கவனிக்கத்தக்கது. ஒரு நிரலை மில்லிகிராமிலும் மற்றொன்றைக் கிராமிலும் எழுதினால் சிங்குலர் மதிப்புகளே மாறிவிடும்; வெட்டுவது எதை என்பதும் மாறிவிடும். ஆகவே முதலில் நிரல்களை ஒப்பிடத்தக்க அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும். அளவீடுகளின் துல்லியம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால், ஒவ்வொரு நிரையையும் அதன் பிழையால் வகுத்துக்கொள்வதும் அவசியம்.

2.5, 2.5 என்ற விடையைப் படிக்கும் விதமும் முக்கியம். இரு சாயங்களும் சமமாக இருந்தன என்று அது சொல்லவில்லை. உண்மையில் ஒன்று மட்டும் 5 மில்லிகிராம் இருந்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். மொத்தம் 5 என்பது மட்டுமே அளவீடு சொன்ன செய்தி. சமமாகப் பங்கிட்டது முறையின் வேலை. ஆய்வறிக்கையில் மொத்தத்தைக் குறித்து, வித்தியாசம் தீர்மானிக்கப்படவில்லை என்று எழுதுவதே சரி. வித்தியாசம்தான் வேண்டுமென்றால், இரு சாயங்களும் தெளிவாக வேறுபட்டு உறிஞ்சும் இன்னோர் அலைநீளத்தில் அளந்து, அந்த நிரையைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அப்போது 0.002 என்ற சிங்குலர் மதிப்பே உயரும்.