ஆமையும் முயலும் பிடித்துத் தரும் இரட்டை எண்

4, 3, 5, 2, 2, 1. ஆறு கட்டங்கள், ஆறு எண்கள். எல்லா எண்ணும் 1 முதல் 5 வரைக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐந்தே எண்களை வைத்து ஆறு கட்டங்களை நிரப்பினால் ஏதோ ஒன்று திரும்ப வந்தே தீரும். இங்கே அது 2 என்று கண்ணுக்கே தெரிகிறது. பத்து லட்சம் கட்டங்கள் இருந்தால்? பார்த்த எண்களைக் குறித்துக்கொண்டே போகலாம், அதற்குத் தனி நினைவகம் வேண்டும். ஏறுவரிசையில் அடுக்கலாம், மூலப் பட்டியல் குலைந்துவிடும். இரண்டுமே கூடாது என்கிறது லீட்கோடு தளத்தின் 287-ஆம் கணக்கு.

வழி இதுதான்: கட்டத்தில் உள்ள எண்ணை அடுத்த கட்டத்தின் முகவரியாகப் படிக்க வேண்டும். கட்டங்களை 0-இலிருந்து எண்ணுவோம். 0-ஆம் கட்டத்தில் 4 இருக்கிறது, அதனால் 4-க்குப் போகிறோம். அங்கே 2. இப்படியே போனால் பாதை 0, 4, 2, 5, 1, 3 என்று நீண்டு, மறுபடி 2-க்கே வருகிறது. 3-ஆம் கட்டமும் 4-ஆம் கட்டமும் 2-ஐயே காட்டுவதால், இரண்டு வழிகள் அங்கே சேர்கின்றன. ஆக, சுழலின் வாசல்தான் இரட்டை எண்.

வாசலைக் கண்டுபிடிக்க இருவரை ஓடவிடுகிறோம். ஆமை ஒவ்வொரு கட்டமாகவும் முயல் இரண்டிரண்டாகவும் 0-இலிருந்து கிளம்புகின்றன. ஆமை 4, 2, 5, 1 என்று போகிறது. முயல் 2, 1, 2, 1. நான்காவது நகர்வில் இருவரும் 1-இல் சந்திக்கிறார்கள். இதையே விடையாக எழுதிவிடுகிறவர்கள் நிறைய. சந்தித்த இடம் சுழலுக்குள் எங்கோ இருக்கும். அது வாசலாக இருந்தாக வேண்டியதில்லை.

இன்னொரு சுற்று பாக்கி. ஒருவரை 0-இல் வைத்து, மற்றவரை 1-இலேயே விட்டு, இருவரையும் ஒரே வேகத்தில் நடத்தினால் முதல்வர் 4, 2 என்றும் அடுத்தவர் 3, 2 என்றும் வந்து சேர்கிறார்கள். விடை 2.

ஏன் சரியாக அங்கே? சந்தித்தபோது ஆமை 4 அடி, முயல் 8 அடி. அந்த வித்தியாசம் முழுச் சுற்றுகளாகத்தான் இருக்க முடியும். ஆமை நடந்த தூரமும் அதுவேதான். முழுச் சுற்று நடந்தவருக்கு அது கணக்கில் சேராது என்பதால், 0-இலிருந்து வாசலுக்கு எத்தனை அடியோ, அத்தனை அடியில் அவரும் வாசலுக்கு வந்துவிடுவார்.

நிரலில் ஒரு பொறி இருக்கிறது. இருவரும் 0-இல் தொடங்கும்போது `while slow != fast` என்று எழுதினால், இருவரும் ஏற்கெனவே ஒரே இடத்தில் இருப்பதால் சுழற்சி ஒருமுறைகூட ஓடாது. முதலில் நகர்த்திவிட்டு, பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரே எண் மூன்று நான்கு தடவை வந்தாலும் இந்த முறை தடுமாறாது. எல்லாவற்றையும் கூட்டி 1 முதல் 5 வரையான கூட்டுத்தொகையைக் கழிக்கும் குறுக்குவழி அங்கே தவறான விடை தரக்கூடும். ஆனால் பட்டியலில் 0 வந்துவிட்டால் ஆமை முயலும் உதவாது. 0-ஐ எந்தக் கட்டமும் காட்டாதபோதுதான் தொடக்கம் சுழலுக்கு வெளியே இருக்கிறது என்பது உறுதி. முதல் கட்டத்திலேயே 0 இருந்தால் இருவரும் கிளம்பிய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.