படுத்தால் மூச்சு முட்டும் கர்ப்பிணி

ஏழாம் மாதத்தில் மாடிப்படி ஏறினால் எந்தக் கர்ப்பிணிக்கும் மூச்சு வாங்கும். ஆனால் படுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதும், முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை வைத்தால்தான் தூங்க முடிவதும், ராத்திரியில் விடாத இருமலும் கர்ப்பக் களைப்பில் சேராதவை. நம் நாட்டில் இளம் பெண் ஒருத்திக்கு இப்படி இருந்தால், மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

பள்ளிப் பருவத்தில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். மூட்டு வீங்கும், வற்றும், வீட்டில் மறந்துவிடுவார்கள். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் இதயத்தின் இடது கீழறைக்குள் இறங்கும் வாசல் அது. இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டியது, நோய் முற்றினால் 1 சதுர சென்டிமீட்டராகச் சிறுத்துவிடும்.

கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, நாடியும் வேகமெடுக்கிறது. கீழறை நிரம்புவது இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வில்தான். நாடி 80 என்றால் ஒரு துடிப்புக்கு முக்கால் நொடி, 120 என்றால் அரை நொடி. இதயம் சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை, நிரம்பும் நேரம்தான் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. குறுகிய வாசலில் காத்திருக்கும் ரத்தம் பின்னோக்கித் தேங்க, நுரையீரலில் நீர் கோக்கிறது.

24 வயதுப் பெண் ஒருத்திக்கு முதல் கர்ப்பம், 26ஆம் வாரம் என்று வைத்துக்கொள்வோம். இழுப்பு என்று நினைத்து சால்பியூட்டமால் புகை வைக்கிறார்கள். அந்த மருந்து நாடியை இன்னும் விரட்டும். அசதிக்கு என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் நுரையீரல் நீர் கூடும். இரண்டுமே நல்ல எண்ணத்தில் செய்யப்படுபவை, இரண்டும் அவளை மூச்சுத்திணறலுக்குத் தள்ளக்கூடியவை. எக்கோ எடுத்தால் விஷயம் தெரிந்துவிடும். அதில் கதிர்வீச்சு இல்லை, எந்த மாதத்திலும் எடுக்கலாம்.

வால்வு 1 சதுர சென்டிமீட்டர் என்று எக்கோ காட்டுகிறது. இனி மகப்பேறு மருத்துவர் தனியாக முடிவெடுக்க முடியாது. இதய மருத்துவர் நாடியை அடக்க மெட்டோப்ரோலாலும், நீரை இறக்க ஃபுரோஸ்மைடும் தருகிறார். குழந்தை சரியாக வளர்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பது மகப்பேறு மருத்துவரின் வேலை. ரத்தசோகையும் நாடியை ஏற்றும் என்பதால் அதையும் சரிசெய்ய வேண்டும். மாத்திரைக்கு அடங்காவிட்டால், தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கலாம். வால்வின் அமைப்பு அதற்குத் தோதாக இருக்க வேண்டும். எக்ஸ்ரே கதிர் கருவைத் தொடாதபடி வயிற்றைக் காப்பார்கள். 20 வாரம் கடந்த பின் செய்வது நல்லது.

உண்மையில் இந்தப் பலூன் சிகிச்சை கருத்தரிப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டியது. லூபஸ், சிறுநீரக நோய்களுக்கும் கருத்தரிக்கும் முன்னரே வேலை இருக்கிறது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், மைக்கோஃபினோலேட் போலக் கருவைக் கெடுக்கும் மருந்துகளை டாக்டர் மாற்றித்தர வேண்டும். கர்ப்பம் உறுதியான பயத்தில் எல்லா மாத்திரையையும் தானாக நிறுத்துவதும் ஆபத்து. லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயினை நிறுத்தினால் நோய் சீறக்கூடும்.

பிரசவத்தில் மயக்க மருந்து மருத்துவரும் சேர்கிறார். வலி வந்தாலே நாடி எகிறும் என்பதால் முதுகுத்தண்டில் எபிடியூரல் கொடுத்து வலியை அடக்குவார். சுகப்பிரசவமே பெரும்பாலும் நல்லது, முக்கும் நேரத்தைக் குறைக்க வேக்குவம் வைப்பார்கள். ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகப் போடும் மெத்தர்ஜின் ஊசி இவளுக்குக் கூடாது, ஆக்சிடோசினை மெதுவாக ஏற்ற வேண்டும். இவையெல்லாம் 30 வாரத்துக்குள் எழுதப்பட்டு அவளுடைய ஃபைலில் இருந்தால்தான், நடுராத்திரியில் வலி கண்டு வரும்போது பணியில் இருக்கும் புது டாக்டருக்கும் தெரியும்.

குழந்தை பிறந்ததும் ஆபத்து விலகிவிடாது. கருப்பை சுருங்கும்போது அதிலிருந்த ரத்தமும், கால்களில் தேங்கியிருந்ததும் திடீரென இதயத்துக்குத் திரும்புகின்றன. முதல் இரண்டு மூன்று நாட்களில் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாவது இதனால்தான். அதுவரை தீவிரக் கண்காணிப்பு வேண்டும். ஊருக்குப் போவோம் என்று குடும்பம் அவசரப்பட்டாலும் டாக்டர்கள் அனுப்பக் கூடாது.

வீடு திரும்பும் முன் கருத்தடையும் பேசியாக வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டும், காப்பர் டி பரவாயில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியைக் கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் தொடரலாம். அடுத்த ஊசித் தேதியைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே குறித்துவைத்தால் விட்டுப்போகாது.