பணம் போய்விட்டது, ரசீது எங்கே?

“அக்கா, இந்த மெயிலைக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு தடவை அனுப்பிட்டேன், பதிலே இல்லை” என்று கைப்பேசியை நீட்டினாள் என் சித்தி மகள்.

பிரிட்டனில் முதுகலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 18,000 பவுண்டு. முன்பணம் 4,000 பவுண்டை ஜூலை 3-ஆம் தேதி சித்தப்பா தம் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டார். மீதி 14,000 பவுண்டுக்குக் கல்விக் கடன் தயார். ஆனால் முன்பண ரசீது வரவில்லை. முன்பணம் பதிவானால்தான் ‘காஸ்’ எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்றைத் தருவோம் என்று பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. கடன் தரும் வங்கியோ, ரசீதைக் காட்டினால்தான் பணத்தை விடுவிப்போம் என்கிறது.

அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்:

“ஐயா/அம்மா, நலமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும். என் அப்பா பணம் கட்டிவிட்டார், ரசீது வரவில்லை. மீதியை வங்கி கட்டும். ஆனால் உங்கள் இணையத்தளம் வழியாகக் கட்ட முடியாதாம். கடன் எப்போது வரும் என்று தெரியவில்லை. தயவுசெய்து உதவுங்கள்.”

மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் நிதி அலுவலகத்தில் இதைத் திறப்பவரால் எதையும் தேட முடியாது. மாணவர் எண் இல்லை, தொகை இல்லை, தேதி இல்லை. பணம் அனுப்பியவர் யார் என்பதும் இல்லை.

“அனுப்பும்போது குறிப்பில் என்ன எழுதினீங்க?” என்று சித்தப்பாவைக் கேட்டேன். “படிப்புக் கட்டணம்னு எழுதினேன்மா” என்றார். சிக்கல் அங்கேதான். பல்கலைக்கழகக் கணக்கில் சித்தப்பாவின் பெயரில் ஒரு தொகை விழுந்திருக்கும். அது யாருக்கானது என்று தெரியாமல் தனியே கிடக்கும். வங்கியின் பட்டியலில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருப்பதால் நாம் கட்டியாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

மறுநாள் வங்கிக்குப் போய் அந்தப் பரிமாற்றத்தின் ‘ஸ்விஃப்ட்’ நகலை வாங்கி வந்தார். அனுப்பியவர் பெயர், தேதி, தொகை, குறிப்பு, பணத்தைப் பின்தொடர உதவும் UETR என்ற 36 எழுத்துக் குறியீடு எல்லாம் அதில் இருந்தன. கட்டணப் பிரிவில் SHA என்று இருந்தது. வழியிலுள்ள வங்கிகள் தங்கள் கட்டணத்தை அனுப்பிய தொகையிலிருந்தே பிடித்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். ஆக, 4,000 முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. OUR என்று தேர்ந்தெடுத்திருந்தால் அந்தச் செலவை அனுப்புபவரே ஏற்றிருப்பார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். தலைப்பில் மாணவர் எண்ணும், ‘ஜூலை 3 முன்பணம், ரசீது தேவை’ என்ற வரியும். உள்ளே:

“என் முழுப்பெயர், மாணவர் எண், படிப்பு மேலே உள்ளன.

1. ரசீது: ஜூலை 3 அன்று என் தந்தை தம் கணக்கிலிருந்து 4,000 பவுண்டு அனுப்பினார். குறிப்பில் என் மாணவர் எண் இல்லை. ஸ்விஃப்ட் நகலை இணைத்துள்ளேன். தொகையை என் பெயரில் பதிவு செய்து ரசீது அனுப்ப முடியுமா? குறைவாக வந்திருந்தால் எவ்வளவு என்று தெரிவிக்கவும்.

2. பணம் கட்டும் வழி: மீதி 14,000 பவுண்டை என் வங்கி நேரடிப் பரிமாற்றமாக மட்டுமே அனுப்பும். என் பெயர், மீதித் தொகை, உங்கள் வங்கி விவரம் கொண்ட விலைப்பட்டியல் அதற்குத் தேவை. தர முடியுமா?

3. கடன்: ரசீதும் விலைப்பட்டியலும் கிடைத்த 10 வேலை நாளில் வங்கி பணம் அனுப்பும். பதிவு நாளுக்குள் தொகை வந்து சேராவிட்டால், கடன் ஒப்புதல் கடிதத்தைக் காட்டி நான் பதிவு செய்ய முடியுமா?”

மூன்றாவது கேள்விக்குக் காரணம் உண்டு. ஒப்புதல் கடிதம் கையில் இருப்பதும் பணம் போய்ச் சேர்வதும் வேறு வேறு. அந்த இடைவெளியில் பதிவு நிறுத்தி வைக்கப்படலாம். அதை முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைப்பது நல்லது.

அவளுடைய கடப்பிதழ் நகலையும் சித்தப்பாவின் வங்கி அறிக்கையையும் இணைக்கவில்லை. பரிமாற்றத்தைத் தேட அவை தேவையில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. பணம் யார் பெயரிலும் சேராமல்தான் கிடந்திருக்கிறது. வந்து சேர்ந்தது 3,975 பவுண்டு. குறைந்த 25 பவுண்டை அவள் அட்டை மூலம் அன்றே கட்டினாள், ரசீது வந்தது. ஒப்புதல் கடிதத்தைக் காட்டித் தற்காலிகமாகப் பதிவு செய்யலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

விலைப்பட்டியலில் இருந்த வங்கி விவரத்தை மட்டும் உடனே வங்கிக்கு அனுப்ப வேண்டாம் என்றேன். ‘கணக்கு எண் மாறிவிட்டது’ என்று போலி மின்னஞ்சல் அனுப்பிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக இணையத்தளத்தில் உள்ள எண்ணுக்கு அவள் தொலைபேசியில் அழைத்து, கணக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தாள். அதன் பிறகே வங்கிக்குப் போனாள். இந்த முறை குறிப்பில் முதலில் எழுதியது மாணவர் எண். கட்டணப் பிரிவில் OUR.