வரைபடத்தில் வீடு – 4: சுவரின் எந்த முகம்?

இந்த வாரம் ஒரு ஹால், ஒரு படுக்கையறை. ஹாலின் உள்ளளவு 3600க்கு 4000 மில்லிமீட்டர், படுக்கையறை 3000க்கு 4000. வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், அதாவது 230, நடுச்சுவர் 115.

வரையத் தொடங்குமுன் சுவர் வகையை உருவாக்குங்கள். `WA` தட்டி, `Edit Type`-இல் முதலில் `Duplicate` கொடுத்துப் புதுப் பெயர் வைத்த பிறகே தடிமனை மாற்ற வேண்டும். `Duplicate` செய்யாமல் மாற்றினால், அதே வகையில் ஏற்கெனவே வரைந்த எல்லாச் சுவர்களும் சேர்ந்து மாறிவிடும். உயரத்தை `Unconnected` என வைத்து 3000 கொடுங்கள்.

அடுத்து `Location Line`. புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இதுதான். நீங்கள் இழுக்கும் கோடு சுவரின் நடுவில் போகிறதா, முகத்தில் போகிறதா என்பதை இதுவே முடிவு செய்கிறது. `Finish Face: Exterior` தேர்ந்தெடுங்கள். மொத்த வெளி நீளம் 230, 3600, 115, 3000, 230 சேர்ந்து 7175, அகலம் 4460. கீழ் இடது மூலையில் தொடங்கி மேலே போய், கடிகாரம் சுற்றும் திசையிலேயே நான்கு பக்கமும் வரையுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் சுவர் கோட்டுக்கு வெளியே போய் நிற்கும். `DI` கொண்டு உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளந்தால் தெரிந்துவிடும்: 6715 வந்தால் சரி, 7175 வந்தால் சுவர் புரண்டிருக்கிறது. சுவரைத் தேர்ந்தெடுத்து ஸ்பேஸ்பாரை அழுத்தினால் உள்ளே திரும்பும்.

நடுச்சுவரைத் தோராயமாகப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுத்தால் நீல நிறத்தில் தற்காலிக அளவுகள் தோன்றும். அவை வழக்கமாகச் சுவர்களின் மையத்திலிருந்து மையத்துக்கானவை. அதில் அப்படியே 3600 என்று தட்டினால் ஹால் 3427.5 ஆகச் சுருங்கிவிடும். இரண்டு சுவர்களின் பாதித் தடிமன் அதில் போய்விடுகிறது. அளவுக் கோட்டின் நீலப் புள்ளிகளைச் சொடுக்கி உள்முகங்களுக்கு நகர்த்திய பிறகு 3600 கொடுங்கள். மறுபக்கம் தானாகவே 3000 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வெளியளவைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

இனிக் கதவு, `DR`. அது சுவரில்தான் உட்காரும். சுவரை அழித்தால் கதவும் போய்விடும். திறக்கும் பக்கத்தை ஸ்பேஸ்பாரில் மாற்றலாம். ஜன்னலுக்கு `WN`, `Sill Height` 900.

குளியலறையைப் பின்னர் சேர்த்து, வென்டிலேட்டரை 1800 உயரத்தில் வைத்தால், தளப்படத்தில் அது தெரியாமல் போகலாம். தளப்படம் பொதுவாகத் தரையிலிருந்து 1200 உயரத்தில் வெட்டிப் பார்க்கப்படுகிறது. அழிந்துவிட்டதென்று இரண்டாவது ஒன்றை அதன்மேலேயே வைத்துவிடாதீர்கள். முப்பரிமாணக் காட்சியில் பாருங்கள், அங்கே இருக்கும். அந்த இடத்துக்கு மட்டும் `Plan Region` வரைந்து, அதன் வெட்டு உயரத்தை 1900 ஆக்கினால் தளப்படத்திலும் வந்துவிடும்.

(தொடரும்)