கோப்பு ஏறும்போது குரல் ஏன் உடைகிறது?

அலுவலகத்தில் ஒருவர் பெரிய கோப்பை இணையத்தில் ஏற்றத் தொடங்கியதும் தொலைபேசியிலும் வீடியோ கூட்டத்திலும் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. வேகம் போதாததால் அல்ல. ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 80 கிலோபிட் போதும். 10 மெகாபிட் பதிவேற்றத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கல் வரிசையில் இருக்கிறது. மோடத்தில் 1 மெகாபைட் கோப்புத் துண்டுகள் காத்திருந்தால், பின்னால் வரும் குரல் 0.8 நொடி தாமதமாகும். இயல்பான உரையாடலுக்கு 150 மில்லிநொடிக்குள் போய்ச் சேர வேண்டும்.

கூடுதல் வேகம் வாங்கினால் தீராதா? கோப்பேற்றம் கிடைக்கும் வேகத்தையெல்லாம் நிரப்பிக்கொள்ளும். தொல்லை சீக்கிரம் முடியுமே தவிர ஒழியாது. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தும் பலனில்லை என்பார்கள். வரிசை மோடத்தில் நிற்கும்வரை அது உண்மைதான். முன்னுரிமையோடு, ரூட்டரின் பதிவேற்ற உச்சவரம்பையும் 9 மெகாபிட்டாகக் குறையுங்கள். வரிசை ரூட்டருக்கே வந்துவிடும். குரல் முந்திச் செல்லும்.