வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் லாட்டரி

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காடு போகும் பேருந்து வாளையாறைத் தாண்டியதும் சாலையோரத்தில் லாட்டரிக் கடைகள் வந்துவிடும். கடைக்கு முன்னால் கேரள அரசின் சீட்டுகள் வரிசையாகத் தொங்கும். அங்கே வாங்கிய சீட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றால் போலீஸ் வழக்குப் போடும். ஆனால் சீட்டு விற்கத் தடையுள்ள இதே தமிழ்நாட்டில்தான், சென்னைக் கிண்டியில், குதிரைமேல் பணம் கட்டுவது பல பத்தாண்டுகள் சட்டப்படி நடந்தது. ரூலெட் மேசை இந்த இரண்டு மாநிலங்களிலும் கிடையாது. அதற்குக் கோவா போக வேண்டும். அங்கேயும் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் ஏறினால்தான் அந்த மேசை.

மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: பணத்தைக் கட்டுகிறோம், முடிவுக்குக் காத்திருக்கிறோம், பெரும்பாலும் இழக்கிறோம். அப்படியிருக்க ஒரே நாட்டில் ஒன்றுக்கு ஒரு சட்டம் எதற்கு? சூதாட்டம் என்ற ஒரே சொல்லால் மூன்றையும் அழைத்துப் பழகியதால்தான் இது நமக்குக் குழப்பமாகத் தெரிகிறது. சட்டமோ பணம் யார் கைக்குப் போகிறது, ஆட்டம் எந்த இடத்தில் நடக்கிறது, ஆடுபவரின் அறிவுக்கு அதில் வேலை உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெவ்வேறு பதில் கிடைப்பதால் பாதையும் பிரிந்துபோகிறது.

முதல் பிரிவு அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணை எந்த விஷயத்தில் யார் சட்டம் இயற்றலாம் என்று பங்கு பிரிக்கிறது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம். அரசு நடத்தும் லாட்டரி மட்டும் அதிலிருந்து பிரிக்கப்பட்டு, மத்தியப் பட்டியலில் 40ஆவது இனமாக உட்கார்ந்திருக்கிறது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் இந்த 34ஆவது இனத்தைப் பற்றி விவாதம் எழுந்தது. காந்தியின் பெயரால் விடுதலை பெற்ற நாட்டின் சட்டத்தில் சூதாட்டம் என்ற சொல்லே இருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். எடுத்துவிட்டால் தடுக்கும் அதிகாரமும் சேர்ந்து போய்விடும் என்பது அம்பேத்கரின் பதில். அனுமதிப்பதா தடுப்பதா என்று அந்தந்த மாநிலம் முடிவெடுக்க வேண்டுமானால் அந்த வரி அங்கே இருந்தே ஆக வேண்டும். கோவாவில் கப்பலும் தமிழ்நாட்டில் தடையும் ஒரே நேரத்தில் இருக்க முடிவது அந்த ஒரு வரியால்தான்.

அரசு லாட்டரியை மட்டும் ஏன் மத்திய அரசிடம் கொடுத்தார்கள்? சீட்டு பயணம் போகும். குதிரை திடலைச் சுற்றித்தான் ஓடும், சூதாட்ட மேசை போட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு மாநிலத்தில் அச்சடித்த சீட்டோ ரயிலேறி எட்டு மாநிலங்களுக்குப் போய்விடும். ஓர் அரசின் கருவூலம் இன்னொரு அரசின் மக்களிடமிருந்து நிரம்பும். இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் எழும் இந்தச் சச்சரவை அவற்றில் ஒன்றின் சட்டசபை தீர்க்க முடியாது.

இதை நாம் பட்டு அறிந்தவர்கள். தமிழ்நாடு அரசின் லாட்டரி அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1968இல் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்றைய வாசகம். 1975இல் அதை நிறுத்தினார்கள். எண்பதுகளில் மீண்டும் வந்தது. தொண்ணூறுகளில் பேருந்து நிலையங்களில் நடந்த விற்பனையைப் பார்த்தவர்களுக்கு அந்த வாசகம் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியும். காலையில் வாங்கிய சீட்டுக்கு மதியமே முடிவு. கடைசி ஓர் எண் ஒத்துப்போனால் போதும், பரிசு. பத்தில் ஒரு வாய்ப்பு என்று கேட்கும்போது அது கைக்கு எட்டும் தூரம்போலத்தான் இருக்கும். கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போனவர், அடுத்த குலுக்கலுக்கும் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். வீட்டில் அடுப்பு எரியாது.

நாடாளுமன்றம் 1998இல் கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தைப் படித்தால், அந்தக் கடை வாசலைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கும். ஒற்றை எண்ணை வைத்துப் பரிசு தரக் கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. குலுக்கல் அந்த மாநிலத்துக்குள்ளேயே, அரசே நடத்த வேண்டும். சீட்டு விற்ற பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும், யாரும் கேட்டு வராத பரிசும் அரசுக்கே. பம்பர் குலுக்கல் ஆண்டுக்கு ஆறுதான். இந்த விதிகளில் எதையும் குதிரைப் பந்தயத்துக்கோ கேசினோவுக்கோ பொருத்திப் பார்க்க முடியாது. லாட்டரியில் மோசடி நடக்கும் இடங்கள் அச்சகமும் குலுக்கலும் ஏஜெண்டின் கணக்கும். சட்டம் அந்த மூன்று இடங்களிலும் காவல் வைக்கிறது. வாரம் ஒரு குலுக்கல் என்ற விதிக்கும் வழி உண்டு. கேரளம் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு பெயரில் லாட்டரி நடத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரே குலுக்கல்தான், ஆனாலும் வாங்குபவருக்குத் தினமும் குலுக்கல்.

அந்தச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, பிற மாநிலங்களின் சீட்டுகளைத் தன் எல்லைக்குள் விற்க ஒரு மாநிலம் தடைவிதிக்கலாம் என்கிறது. 1999இல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு நிபந்தனையைத் தெளிவாக்கியது. மற்றவர்கள் சீட்டைத் தடுக்க வேண்டுமானால் நீயும் சீட்டு விற்கக் கூடாது. அதனால் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தடை கொண்டுவந்தபோது, தமிழ்நாட்டின் சொந்த லாட்டரியும் மற்றவற்றோடு போயிற்று. அது நல்ல முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதன் வரம்பையும் சொல்லியாக வேண்டும். இன்றும் பல ஊர்களில் மூன்று நம்பர் லாட்டரி விற்றதாகக் கைதுச் செய்திகள் வருகின்றன. வெள்ளைத் தாளில் மூன்று எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை முடிவாக எடுத்துக்கொள்கிறார்கள். குலுக்கலை ஓர் அரசு நேர்மையாக நடத்துகிறது, பணத்தை வாங்குபவர் மட்டும் யாருக்கும் கணக்குக் காட்டாதவர். பரிசு விழுந்தும் பணம் வராவிட்டால் அந்தத் தாளைக் கொண்டுபோய் எங்கும் முறையிட முடியாது.

இப்போது கிண்டிக்கு வருவோம். குதிரைப் பந்தயத்தில் பணம் எப்படிச் சுழல்கிறது என்பதைப் பார்த்தால் வேறுபாடு புரியும். டோட் என்று சொல்லும் முறையில் எல்லோர் பணமும் ஒரே குவியலில் சேரும். ஒரு பந்தயத்துக்கு 1 லட்சம் ரூபாய் சேர்ந்தது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வரிக்கும் கிளப்பின் பங்குக்கும் 20,000 கழிந்தால் மிச்சம் 80,000. ஜெயித்த குதிரைமேல் மொத்தம் 8,000 ரூபாய்தான் கட்டியிருந்தார்கள் என்றால், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 ரூபாய் வரும். ஊரே அந்தக் குதிரைமேல் கட்டியிருந்தால் இரண்டு ரூபாய்கூடத் தேறாது. ஆகவே இங்கே ஆடுபவரின் போட்டி கிளப்போடு இல்லை, பணம் கட்டிய மற்றவர்களோடு. அவர்களைவிடக் குதிரையை நன்றாக எடைபோடத் தெரிந்தவருக்குக் கொஞ்சம் மேல்கை உண்டு.

இந்த ஒரு சின்ன வேறுபாட்டில்தான் பெரிய வழக்கு ஒன்று நின்றது. 1974இல் தமிழ்நாடு குதிரைப் பந்தயப் பந்தயத்தொகையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. அது நீதிமன்றத்தில் சிக்கிக்கொள்ள, 1986இல் இன்னொரு சட்டத்தால் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள முனைந்தது. கே.ஆர்.லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நம் சூதாட்டச் சட்டங்களில் திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் 1867இல் எழுதிய பொதுச் சூதாட்டச் சட்டத்திலும் அந்த விலக்கு உண்டு. குதிரையின் வம்சம், பயிற்சி, சுமக்கும் எடை, ஜாக்கியின் கைத்திறன், முந்தைய ஓட்டங்கள் எல்லாவற்றையும் அறிந்துதான் பணம் கட்டுகிறார்கள், எனவே இது பெரிதும் திறமையின் ஆட்டம் என்றது நீதிமன்றம். கிளப்பைக் கையகப்படுத்தும் சட்டமும் செல்லாமல் போயிற்று.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் சரிதான். ஆனாலும் எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. குதிரையைப் படித்தவரின் திறமையை அது பேசுகிறது. பெயர் பிடித்திருக்கிறது என்று பணம் கட்டுபவர் பந்தயத் திடலில் எத்தனை பேர்? அவர்களுக்கு அது சீட்டைப்போலத்தான்.

கேசினோவில் திறமை என்ற வாதம் ரூலெட்டுக்கு ஒட்டவே ஒட்டாது. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 குழிகள். ஓர் எண்ணில் பணம் வைத்து அது வந்தால், வைத்த பணத்தோடு 35 மடங்கு தருவார்கள். 37 எண்ணிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் 36 ரூபாய் திரும்பும். ஒரு ரூபாய் எப்போதும் வீட்டுக்காரனுக்கு. நூற்றுக்கு 2.7 என்பது சின்னதாகத் தெரியும். ஆனால் சக்கரம் ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான முறை சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 2.7 கழியும். வேகமும் இடமும்தான் இங்கே ஆபத்து. ஆகவே சட்டம் இடத்தைப் பிடிக்கிறது. கோவா தன் சூதாட்டத் தடைச் சட்டத்தில் 1992இல் ஒரு பிரிவைச் சேர்த்து, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மின்னணு இயந்திரங்களை அனுமதித்தது. பிறகு 1996இல் மேசை ஆட்டங்களைக் கப்பலில் மட்டும் அனுமதித்தது. தடைச் சட்டம் அப்படியே இருக்க, அதில் ஒரு சாளரம் மட்டும் திறந்த கதை. சிக்கிம் 2002இல் கேசினோவுக்கென்றே தனிச் சட்டம் எழுதியது.

மூன்றையும் ஒன்றாக உட்காரவைத்தது வரிதான். இன்றைய ஜி.எஸ்.டி. சட்டம் லாட்டரி, குதிரைப் பந்தயம், கேசினோ, இணையப் பண ஆட்டம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் எழுதியிருக்கிறது. 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பரில் எல்லாவற்றுக்கும் 40 ஆனது. வரி போடும்போது திறமையா அதிர்ஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது கைப்பேசி வந்து இடம் என்ற அடையாளத்தையே அழித்துவிட்டது. கப்பலும் திடலும் எல்லைச் சாவடியும் சட்டைப் பைக்குள் வந்துவிட்டன. இணைய ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை எதிர்த்த வழக்கில், ரம்மி திறமையின் ஆட்டம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொன்னது. அந்த வாதத்துக்கு வழி திறந்தவற்றில் கிண்டிக் குதிரைத் தீர்ப்பும் ஒன்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் வேறு வழியில் போனது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ, தடை என்று சட்டம் இயற்றியது. பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில் இருக்கும்போது இதை மத்திய அரசு செய்ய முடியுமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. வாளையாற்றுக் கடையில் அதே சீட்டுகள் தொங்குகின்றன, அந்தச் சட்டம் அவற்றைத் தொடவில்லை.